மோட்டாரின் போடே வரைபடத்தில் கட்டம் 160 பாகை வரை பின்தங்குகிறது: குறை மோட்டாரிலா, அளவீட்டிலா?

கதிர் (உட்லண்ட்ஸ்), செவ்வாய் இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். பகலில் உட்லண்ட்ஸ் தொழிற்பேட்டையில் இயந்திரப் பராமரிப்பு வேலை செய்துகொண்டு, மாலை வகுப்பில் பொறியியல் படித்து வருகிறேன். என் திட்டப்பணிக்காக 24 வோல்ட் டிசி மோட்டார் ஒன்றின் அச்சில் ஒரு ஃப்ளைவீலைப் பொருத்தி, மறுமுனையில் வேகத்தை வோல்ட்டாகத் தரும் டேக்கோவை இணைத்திருக்கிறேன். மோட்டாரை ஓட்டும் டிரைவருக்குக் கொடுக்கும் வோல்ட்டை உள்ளீடாகவும், டேக்கோ தரும் வோல்ட்டை வெளியீடாகவும் கொண்டு, சைன் அலை கொடுத்து, ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் வெளியீட்டின் பெருக்கத்தையும் அது பின்தங்கும் கட்டத்தையும் அளந்து போடே வரைபடம் வரைவதே நோக்கம். பிறகு அந்த வரைபடத்தை வைத்து வேகக் கட்டுப்பாட்டை வடிவமைக்க வேண்டும்.

முதலில் படி உள்ளீடு கொடுத்துப் பார்த்தேன். பெருக்கம் 0.8, நேர மாறிலி ஏறக்குறைய 0.25 நொடி என்று வந்தது. அப்படியானால் இது முதல் வரிசை அமைப்பு. கட்டம் எவ்வளவு பின்தங்கினாலும் 90 பாகையைத் தாண்டக் கூடாது. ஆனால் சைன் சோதனையில் எனக்குக் கிடைத்தது இது. 1 ஹெர்ட்ஸில் பெருக்கம் 0.43, பின்தங்கல் 61 பாகை. 5 ஹெர்ட்ஸில் 0.10, 101 பாகை. 10 ஹெர்ட்ஸில் 0.051, 122 பாகை. 20 ஹெர்ட்ஸில் 0.025, 160 பாகை. பெருக்கம் கணக்கோடு அழகாக ஒத்துப்போகிறது, கட்டம் மட்டும் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. உச்சிகளைக் கண்ணால் பார்த்துக் குறிக்கவில்லை. டேட்டா லாகரில் இரண்டு சேனல்களாகப் பதிவு செய்து, கணினியில் சைன் அலையைப் பொருத்தித்தான் எடுத்தேன். 12.5 ஹெர்ட்ஸில் வேறொரு தொல்லையும் உண்டு. அங்கே மட்டும் ஒவ்வொரு முறை அளக்கும்போதும் பெருக்கம் வேறு வேறாக வருகிறது, ஒருமுறை 0.027, இன்னொரு முறை 0.055. அந்தப் புள்ளியை இப்போதைக்கு விட்டுவிட்டேன்.

மோட்டாரில் நான் காணாத ஏதோ இருக்கிறதா, அல்லது என் அளவீட்டில் தவறா?

ரவி (ஜூரோங்), செவ்வாய் இரவு 10.15

இதில் பெரிய மர்மம் எதுவும் இல்லை, கதிர். மோட்டார் முதல் வரிசை அமைப்பு என்பது பாடத்தில் வசதிக்காகச் சொல்வது. சுருளுக்கு இண்டக்டன்ஸ் உண்டு. எனவே மின்பக்கத்தில் இன்னொரு நேர மாறிலி இருக்கிறது. இரண்டு சேர்ந்தால் கட்டம் 180 பாகை வரை போகலாம், உங்கள் 160 அதற்குள் அடங்கிவிடுகிறது. இரண்டாம் வரிசை மாதிரியைப் பொருத்துங்கள், சரியாக வந்துவிடும்.

இன்னொன்று, ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் குறைந்தது பத்துச் சுழற்சி காத்திருந்து, அதன் பிறகுதான் பதிவைத் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் தொடக்க அசைவுகள் அடங்காமல் கலந்துவிடும். நீங்கள் அப்படிச் செய்தீர்களா?

தேன்மொழி, செவ்வாய் இரவு 11.05

ரவி சொல்லும் இண்டக்டன்ஸ் உண்மையில் இருக்கும் பொருள்தான், ஆனால் இந்த 160 பாகைக்கு அது காரணமாக முடியாது. ஏன் என்பதைக் கதிர் தந்த எண்களே சொல்கின்றன.

இரண்டாவது நேர மாறிலி ஒன்று 20 ஹெர்ட்ஸில் கூடுதலாக 70 பாகை பின்தங்க வைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவு தூரம் கட்டத்தை இழுத்த ஒன்று பெருக்கத்தையும் விட்டு வைக்காது. 72 பாகை பின்தங்க வைக்கும் எளிய நேர மாறிலி பெருக்கத்தை மூன்றில் ஒரு பங்கிற்கும் கீழே இறக்கியிருக்கும். கதிருக்கோ 10 ஹெர்ட்ஸில் 0.051, அதன் இரு மடங்கான 20 ஹெர்ட்ஸில் 0.025. அதிர்வெண் இரட்டிக்கும்போது பெருக்கம் பாதியாகிறது, அதாவது பத்து மடங்குக்கு 20 டெசிபெல் சரிவு. ஒற்றை நேர மாறிலியின் சரிவு இது. போடே 1940இல் வெளியிட்ட தொடர்பு இதைத்தான் சொல்கிறது: தாமதமோ அதுபோன்ற வேறெதுவுமோ இல்லாத அமைப்பில் பெருக்கத்தின் சரிவே கட்டத்தைத் தீர்மானித்துவிடும், 20 டெசிபெல் சரிவுக்கு 90 பாகைதான். பெருக்கத்தைத் தொடாமல் கட்டத்தை மட்டும் இழுக்கும் ஒன்று உங்கள் வழியில் எங்கோ இருக்கிறது. அப்படிச் செய்வது பெரும்பாலும் நேரத் தாமதம்.

அதைச் சோதிக்க எளிய வழி உண்டு. 0.25 நொடி நேர மாறிலிக்குக் கணக்கில் வர வேண்டிய கட்டத்தை, அளந்த கட்டத்திலிருந்து கழியுங்கள். மிஞ்சுவதை அதிர்வெண்ணுக்கு எதிராக வரையுங்கள், ஆனால் மடக்கை அச்சில் அல்ல, சாதாரண அச்சில். தாமதமாக இருந்தால் சுழியிலிருந்து கிளம்பும் நேர்கோடு கிடைக்கும். 10 ஹெர்ட்ஸில் கணக்குப்படி 86.4, நீங்கள் அளந்தது 122, மிச்சம் ஏறத்தாழ 36. 20 ஹெர்ட்ஸில் 88.2க்கு எதிராக 160, மிச்சம் 72. 5 ஹெர்ட்ஸில் 82.7க்கு எதிராக 101, மிச்சம் 18. ஹெர்ட்ஸுக்கு 3.6 பாகை என்று நூல் பிடித்தாற்போல் போகிறது. ஒரு சுழற்சி 360 பாகை என்பதால், ஹெர்ட்ஸுக்கு 3.6 பாகை என்றால் தாமதம் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு, அதாவது 10 மில்லி நொடி.

அந்த 10 மில்லி நொடி மோட்டாருடையதா, அளக்கும் கருவியுடையதா என்பதுதான் அடுத்த கேள்வி. லாகர் கோப்பின் முதல் சில வரிகளை இங்கே ஒட்ட முடியுமா? எந்தக் கம்பி எந்தச் சேனலில் என்பதையும் சொல்லுங்கள்.

பத்துச் சுழற்சி பற்றி ஒரு சொல். காத்திருக்க வேண்டிய நேரம் அமைப்பின் நேர மாறிலியைப் பொறுத்தது, சைன் அலையின் சுழற்சியைப் பொறுத்தது அன்று. 20 ஹெர்ட்ஸில் பத்துச் சுழற்சி என்பது அரை நொடிதான், 0.25 நொடி நேர மாறிலிக்கு அது இரண்டு மடங்கு மட்டுமே, தொடக்க அசைவில் 13 விழுக்காடு இன்னும் மிச்சமிருக்கும். 0.05 ஹெர்ட்ஸிலோ பத்துச் சுழற்சி 200 நொடி, அவ்வளவு தேவையே இல்லை. எல்லாப் புள்ளிக்கும் இரண்டு நொடி விட்டுவிட்டுப் பதிவைத் தொடங்கினால் போதும்.

முத்தையா, புதன் காலை 7.20

நான் கட்டடப் பராமரிப்பில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறேன். தம்பி கேட்பது எனக்கும் பயன்படும் என்று நினைக்கிறேன். எங்கள் கட்டடத்தில் காற்று கையாளும் கருவியின் விசிறியை இன்வெர்ட்டரில் ஓட்டுகிறோம். அதிர்வெண்ணை 50இலிருந்து 35 ஹெர்ட்ஸுக்கு இறக்கும்போது மோட்டார் எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தானே இந்த வரைபடம் காட்டும்? அப்படியானால் 35இல் எங்கள் மோட்டார் ஏன் அதிர்கிறது என்பதையும் இதில் பார்க்க முடியுமா? ஒன்றை மட்டும் அனுபவத்தில் சொல்கிறேன்: சென்சார் கம்பியை மின்சாரக் கம்பியோடு ஒரே டிரங்கில் இழுத்தால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் உள்ளே ஏறி, அளவெல்லாம் ஆடும்.

கதிர் (உட்லண்ட்ஸ்), புதன் காலை 8.05

நன்றி, தேன்மொழி அக்கா. எம்ஆர்டியில் வந்துகொண்டே நீங்கள் சொன்ன கழித்தலைச் செய்து பார்த்தேன். 0.5 ஹெர்ட்ஸ் வரையுள்ள புள்ளிகளும் அதே கோட்டில்தான் உட்காருகின்றன. இரவே இது தெரிந்திருந்தால் இரண்டாம் வரிசை மாதிரியோடு மணிக்கணக்காகப் போராடியிருக்க மாட்டேன்.

டேக்கோ முதல் சேனலில், டிரைவர் உள்ளீடு இரண்டாம் சேனலில். 10 ஹெர்ட்ஸ் பதிவின் தொடக்கம் இது:

```
time,ch1,ch2
0.000,3.099,4.964
0.016,3.112,5.996
0.032,3.219,5.176
```

சைன் அலையின் நடுநிலை சுழியில் இல்லை, 4 வோல்ட்டில் இருக்கிறது. முதலில் சுழியைச் சுற்றியே கொடுத்துப் பார்த்தேன். மோட்டார் திசை மாறும் ஒவ்வொரு தடவையும் அரை நொடி ஒட்டிக்கொண்டு நின்றது, டேக்கோ அலையின் நடுவே தட்டையான மேடை விழுந்தது. அதனால் ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும்படி 4 வோல்ட் கொடுத்து, அதன் மேல் ஏற்ற இறக்கத்தைச் சேர்த்தேன். வீச்சு 2 ஹெர்ட்ஸ் வரை 1 வோல்ட், அதற்கு மேல் 2 வோல்ட்.

ரவி அண்ணே, நான் ஐந்து நொடி காத்திருந்துதான் பதிவு செய்தேன்.

தேன்மொழி, புதன் பகல் 12.50

நடுநிலையை நகர்த்தியது மிகச் சரியான முடிவு. ஒட்டிக்கொண்டு நிற்கும் மோட்டாரில் எடுத்த வரைபடம் எந்த ஒரு மோட்டாரையும் குறிக்காது. வீச்சை மாற்றினால் பெருக்கமும் மாறும்.

உங்கள் கோப்பில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. வரிக்கு வரி இடைவெளி 0.016 நொடி. உங்கள் லாகரின் கையேட்டில் நொடிக்கு 125 அளவுகள் என்று போட்டிருக்கும் என நினைக்கிறேன். அந்த 125 எல்லாச் சேனலுக்கும் சேர்த்து. மலிவான லாகர்களில் அளக்கும் சில்லு ஒன்றே ஒன்றுதான். அது முதல் சேனலை அளந்துவிட்டு, ஒரு சுவிட்சை மாற்றி, இரண்டாவதை அளக்கும். நொடிக்கு 125 என்றால் இரண்டு அளவுகளுக்கு நடுவே 8 மில்லி நொடி. ஆனால் கோப்பில் ஒரு வரிக்கு ஒரே நேரம்தான் எழுதப்படுகிறது, இரண்டு அளவும் ஒரே கணத்தில் எடுத்தவை போல.

நீங்கள் டேக்கோவை முதலிலும் உள்ளீட்டை இரண்டாவதிலும் இணைத்திருக்கிறீர்கள். ஆகவே ஒவ்வொரு வரியிலும் உள்ளீடு, வெளியீட்டைவிட 8 மில்லி நொடி பிந்தி எடுக்கப்பட்டது. பிந்தி எடுத்ததை முன்பே எடுத்ததாக எழுதினால் அந்த அலை முந்திக்கொண்டது போலத் தெரியும். உள்ளீடு முந்தினால் வெளியீடு அந்த அளவுக்குப் பின்தங்கியதாகத்தானே கணக்கு வரும்?

என் சொல்லை நம்ப வேண்டாம். இன்று மாலை இரண்டு சோதனைகள் செய்யுங்கள். முதலாவது, சிக்னல் ஜெனரேட்டரின் ஒரே கம்பியை இரண்டு சேனலுக்கும் கொடுத்து, 10 ஹெர்ட்ஸிலும் 20 ஹெர்ட்ஸிலும் கட்டத்தை அளங்கள். நல்ல கருவியானால் சுழி வர வேண்டும். இரண்டாவது, மோட்டாரை வழக்கம்போல் ஓட்டி, வேறு எதையும் தொடாமல் இரண்டு கம்பிகளையும் சேனல் மாற்றிப் பொருத்தி மீண்டும் அளங்கள். தாமதம் மோட்டாருடையதானால் எந்தச் சேனலில் இருந்தாலும் அது அப்படியே இருக்கும். லாகருடையதானால் குறி மாறிவிடும்.

முத்தையா ஐயா, நீங்கள் சொல்வது மோட்டாருக்குக் கொடுக்கும் மின்சாரத்தின் அதிர்வெண். இங்கே பேசுவது வேறு. வேகத்துக்கான கட்டளையையே மெதுவாகவும் விரைவாகவும் ஏற்றி இறக்கினால், உண்மையான வேகம் அதை எவ்வளவு தூரம், எவ்வளவு பிந்திப் பின்தொடர்கிறது என்பது. உங்கள் 35 ஹெர்ட்ஸ் அதிர்வு பெரும்பாலும் விசிறியின் இயந்திரப் பக்கம், இதில் தெரியாது. ஆனால் இரைச்சல் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் கதிர் கைவிட்ட 12.5 ஹெர்ட்ஸ் புள்ளி என் நினைவுக்கு வந்தது. வரிக்கு 16 மில்லி நொடி என்றால் நொடிக்கு 62.5 அளவுகள். அதிலிருந்து நம் ஊர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸைக் கழியுங்கள்.

கதிர் (உட்லண்ட்ஸ்), புதன் இரவு 10.30

12.5! மேசையில் உட்கார்ந்து அதைத்தான் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நொடிக்கு 62.5 தடவை மட்டுமே எட்டிப் பார்க்கும் லாகருக்கு 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் 12.5 ஹெர்ட்ஸ் அலையாகத்தான் தெரியும். மோட்டாரை நிறுத்திவிட்டு டேக்கோ சேனலை மட்டும் பதிவு செய்தேன். 30 மில்லி வோல்ட் வீச்சில் 12.5 ஹெர்ட்ஸ் அலை தெளிவாக இருந்தது. நான் அங்கே எதிர்பார்த்த வெளியீடே 80 மில்லி வோல்ட்தான். இரைச்சல் ஒரு பதிவில் அதோடு சேர்ந்தும் இன்னொன்றில் எதிர்த்தும் நின்றிருக்கிறது, 0.055உம் 0.027உம் அப்படித்தான் வந்திருக்கின்றன. சைன் பொருத்தினால் மற்ற அதிர்வெண் இரைச்சலெல்லாம் விலகிவிடும் என்பதை நம்பியிருந்தேன், ஆனால் இரைச்சல் அதே அதிர்வெண்ணிலேயே வந்து உட்கார்ந்தால் எந்தப் பொருத்தலாலும் பிரிக்க முடியாது. அந்தப் புள்ளியை 11 ஹெர்ட்ஸுக்கு மாற்றி, பதினைந்து நொடிப் பதிவு எடுத்தேன். ஐந்து தடவையும் 0.046. முத்தையா ஐயாவுக்கு என் நன்றி. டேக்கோ கம்பியை மோட்டார் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தேன், அதையும் பிரித்துவிட்டேன்.

இப்போது அக்கா சொன்ன சோதனைகள். ஒரே கம்பியை இரண்டு சேனலுக்கும் கொடுத்தபோது 10 ஹெர்ட்ஸில் 28.7 பாகை, 20 ஹெர்ட்ஸில் 57.5 பாகை. சுழியே இல்லை. அதாவது 8 மில்லி நொடி லாகருடையது.

கம்பிகளை மாற்றிப் பொருத்தியதும் நடந்ததுதான் என்னை நாற்காலியிலிருந்து எழ வைத்தது. 10 ஹெர்ட்ஸில் முன்பு 122.4 பாகை பின்தங்கிய அதே மோட்டார் இப்போது 64.8 பாகைதான் பின்தங்கியது. 20 ஹெர்ட்ஸில் 160க்குப் பதில் 44.8. வேகமான அலைக்கு மோட்டார் குறைவாகப் பின்தங்குகிறது என்று வரைபடம் சொல்கிறது! முதல் தடவையே நான் கம்பிகளை இப்படி இணைத்திருந்தால் ஏதோ தவறு என்று அன்றே புரிந்திருக்கும். பின்தங்கல் கூடியதால்தான் அது மோட்டாரின் குணம் என்று நம்பிவிட்டேன்.

நிலா, வியாழன் காலை 9.10

நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்த இழையைப் படித்த பிறகு ஒரு சந்தேகம். இரண்டு விதமாக இணைத்து எடுத்த கட்டங்களின் சராசரியை எடுத்தால் லாகரின் பிழை தானாகவே நீங்கிவிடும் அல்லவா? 122.4உம் 64.8உம் சேர்த்துப் பாதியாக்கினால் 93.6. 160உம் 44.8உம் என்றால் 102.4. ஆனால் கணக்குப்படி 86.4உம் 88.2உம் தானே வர வேண்டும்? இன்னும் 7 பாகையும் 14 பாகையும் மிச்சமிருக்கின்றனவே.

தேன்மொழி, வியாழன் பகல் 1.15

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள், நிலா. சராசரி எடுப்பது சரியான வழி. ஒவ்வொரு புள்ளியையும் இரு முறை அளக்க நேரமில்லாவிட்டால், தெரிந்த 8 மில்லி நொடியைப் பொருத்தலிலேயே சேர்த்துவிடலாம். கதிரின் பழைய இணைப்புக்கு, அதாவது வெளியீடு முதல் சேனலில் இருக்கும்போது, இப்படி எழுதுங்கள்:

```python
import numpy as np

def fit(t, x, f):
    w = 2*np.pi*f
    M = np.column_stack([np.sin(w*t), np.cos(w*t), np.ones_like(t)])
    a, b, c = np.linalg.lstsq(M, x, rcond=None)[0]
    return complex(a, b)

G = fit(t, ch1, f) / fit(t + 0.008, ch2, f)
print(abs(G), np.degrees(np.angle(G)))
```

M அணியின் மூன்றாவது நிரல் 4 வோல்ட் நடுநிலையைத் தனியே பிரித்துவிடுவதற்கு. அதை விட்டுவிட்டால், பதிவு முழுச் சுழற்சியில் முடியாதபோது நடுநிலை சைனுக்குள் கசியும்.

மிஞ்சும் 7.2, 14.2 பாகைகள் 2 மில்லி நொடிக்குச் சமம். தொடக்கத்தில் கண்ட 10இல் 8 லாகருடையது, இந்த 2 கருவியைத் தாண்டியது. ரவிக்கு நான் இங்கே நியாயம் செய்ய வேண்டும். அவர் சொன்ன இண்டக்டன்ஸ் இந்த இடத்தில்தான் வருகிறது. 2 மில்லி நொடி நேர மாறிலியுள்ள ஒன்று 20 ஹெர்ட்ஸில் 14.1 பாகை பின்தங்க வைக்கும், 2 மில்லி நொடித் தூய தாமதமோ 14.4. இந்த வேறுபாட்டை இவ்வளவு இரைச்சலில் பிரித்தறிய முடியாது. பெருக்கத்திலும் 3 விழுக்காடுதான் குறையும். ஆகவே அது சுருளாகவும் இருக்கலாம், டேக்கோவின் வடிகட்டியாகவும் இருக்கலாம், டிரைவரின் உள்தாமதமாகவும் இருக்கலாம்.

ரவி (ஜூரோங்), வியாழன் இரவு 8.40

தேன்மொழி சொன்னதை ஏற்கிறேன். பெருக்கத்தின் சரிவைப் பார்க்காமல் கட்டத்தை மட்டும் பார்த்து முடிவு சொன்னது என் அவசரம். ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டும். கதிர் எப்படியும் நுண்கட்டுப்படுத்தி வைத்துத்தான் வேகத்தைக் கட்டுப்படுத்தப் போகிறார்; அதிலும் அளக்கும் தாமதம் உண்டு. அப்படியிருக்க, லாகரின் 8 மில்லி நொடியை வரைபடத்திலேயே விட்டுவைத்தால் பாதுகாப்பான பக்கத்தில் நிற்கலாமே. எதற்காக இவ்வளவு சிரமப்பட்டு நீக்க வேண்டும்?

தேன்மொழி, வியாழன் இரவு 9.55

கேள்வி நியாயமானது, எண்களை வைத்தே பார்ப்போம். கதிர், உங்கள் கட்டுப்படுத்தி எத்தனை மில்லி நொடிக்கு ஒருமுறை கணக்கிடும், எந்த அதிர்வெண்ணில் சுற்றை மூடப் போகிறீர்கள்?

கதிர் (உட்லண்ட்ஸ்), வியாழன் இரவு 10.20

5 மில்லி நொடிக்கு ஒருமுறை. சுற்றின் பெருக்கம் ஒன்றாகும் இடம் 10 ஹெர்ட்ஸ் என்றும், அங்கே 60 பாகை கட்ட இருப்பு வேண்டும் என்றும் மேற்பார்வையாளர் சொல்லியிருக்கிறார்.

தேன்மொழி, வியாழன் இரவு 11.00

ஒரு அளவெடுத்துக் கணக்கிட்டு அடுத்த அளவின்போது வெளியிட்டால் அதற்கு 5 மில்லி நொடி. வெளியிட்ட மதிப்பு அடுத்தது வரும்வரை அப்படியே நிற்பதால் சராசரியாக இன்னொரு 2.5. மொத்தம் 7.5 மில்லி நொடி, 10 ஹெர்ட்ஸில் 27 பாகை. சரியான வரைபடத்தில் மோட்டாரின் பின்தங்கல் 93.6, இரண்டையும் கூட்டினால் 120.6, 180 பாகையை எட்ட இன்னும் இருக்கும் இருப்பு 59 பாகை. எளிய விகிதக் கட்டுப்பாடே போதும்.

பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டால் 122.4உம் 27உம் சேர்ந்து 149.4, இருப்பு 31 பாகைதான். அதைப் பார்த்து நீங்கள் கட்டத்தை முன்தள்ளும் ஈடுசெய் பகுதி ஒன்றைச் சேர்ப்பீர்கள். அது உயர் அதிர்வெண் பெருக்கத்தை ஏற்றி, டேக்கோவின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை மோட்டாருக்குள் செலுத்தும், மோட்டார் உறுமும். இல்லாத தாமதத்துக்கு மருந்து கொடுப்பதில் பாதுகாப்பு எதுவும் இல்லை, ரவி. இன்னொரு ஆபத்தும் உண்டு: அடுத்த மாணவர் கம்பிகளை மாற்றிப் பொருத்தி அளந்தால் அதே பிழை எதிர்ப்பக்கம் திரும்பி, இல்லாத இருப்பைக் காட்டும்.

முத்தையா, வெள்ளி காலை 7.05

இப்போது எனக்கு விளங்குகிறது. விசிறியை விடுங்கள். குளிர்நீர் வால்வைத் திறந்து மூடி, வெளிவரும் காற்றின் வெப்பநிலை எப்படிப் பின்தொடர்கிறது என்று இதே முறையில் பார்க்கலாமா? எங்கள் வால்வு நாள் முழுதும் திறப்பதும் மூடுவதுமாக ஆடிக்கொண்டிருக்கிறது.

தேன்மொழி, வெள்ளி காலை 8.30

முறை அதேதான், ஐயா, ஆனால் பொறுமை வேண்டும். காற்றின் வெப்பநிலை மாற நிமிடக் கணக்காகும் என்பதால் ஒரு சுழற்சியே இருபது, முப்பது நிமிடம் எடுக்கும். ஒரு புள்ளிக்கு மூன்று சுழற்சி வேண்டும். அதற்குள் பிற்பகல் மழை ஒன்று கொட்டினால் வெளிக்காற்று மாறி, அளந்தது வீணாகிவிடும். இரவில், கட்டடத்தில் ஆள் இல்லாதபோது, இரண்டு மூன்று அதிர்வெண்கள் மட்டும் எடுங்கள். அதற்கும் முன்னால் வால்வின் தண்டைக் கையால் தொட்டுப் பாருங்கள்: கட்டளை சிறிது மாறும்போது தண்டு அசையாமல் நின்று, பிறகு திடீரென்று நகர்ந்தால், உங்கள் ஆட்டத்துக்குக் காரணம் அந்த ஒட்டல்தான். கதிரின் மோட்டார் சுழியில் நின்றது போன்றது அது. வால்வுக்கு நடுநிலையை நகர்த்தி அதைத் தவிர்க்க முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு திருப்பத்திலும் தண்டு திசை மாறியே ஆக வேண்டும்.

கதிர் (உட்லண்ட்ஸ்), ஞாயிறு மாலை 6.45

மிச்சமிருந்த 2 மில்லி நொடியைத் தேடினேன். மல்டிமீட்டரில் மோட்டார் சுருளின் மின்தடையை, அச்சைச் சிறிது சிறிதாகத் திருப்பி ஆறு இடங்களில் அளந்தேன், ஏனென்றால் பிரஷ் நிற்கும் இடத்துக்கேற்ப அளவு மாறியது, சராசரி 2.1 ஓம். வகுப்பு ஆய்வகத்திலிருந்த மீட்டரில் இண்டக்டன்ஸ் 2.3 மில்லி ஹென்றி. வகுத்தால் 1.1 மில்லி நொடி. ரவி அண்ணே சொன்ன மின்பக்க நேர மாறிலி உண்மையில் அங்கே இருக்கிறது, ஆனால் பாதிக்குத்தான் கணக்குச் சொல்கிறது.

மீதி 0.9 மில்லி நொடி எங்கே என்று தெரியவில்லை. டேக்கோவின் பலகையில் ஒரு சிறிய கெப்பாசிட்டர் இருக்கிறது, அதன் மேல் எழுத்து அழிந்துபோயிருக்கிறது. பிரித்தறிய 80 ஹெர்ட்ஸ் வரை போக நினைத்தேன். ஆனால் இந்த லாகருக்கு 31 ஹெர்ட்ஸுக்கு மேல் கண் தெரியாது. இரவல் வாங்கிய அலைகாட்டியில் பார்த்தால் 2 வோல்ட் வீச்சுக்கு வெளியீடு 13 மில்லி வோல்ட்தான், இரைச்சலில் மூழ்கிக் கிடக்கிறது. வீச்சை 4 வோல்ட்டாக்கியதும் டேக்கோ அலை சைனாக இல்லாமல் முக்கோணமாகிவிட்டது.

தேன்மொழி, ஞாயிறு இரவு 8.10

முக்கோணம் என்றால் டிரைவர் தன் மின்னோட்ட வரம்பைத் தொட்டுவிட்டது. மின்னோட்டம் வரம்பில் நின்றால் வேகம் நேர்கோடாக ஏறி நேர்கோடாக இறங்கும். அந்த அளவுகளை வரைபடத்தில் சேர்க்காதீர்கள், அவை டிரைவரின் வரம்பை அளந்தவை. 2 வோல்ட்டுக்கே திரும்பி, அலைகாட்டியில் சராசரி எடுக்கும் வசதி இருந்தால், ஜெனரேட்டரின் அலையை டிரிகராக வைத்து 256 தடவை சராசரி எடுங்கள். சைனோடு ஒட்டாத இரைச்சல் பதினாறில் ஒரு பங்காகக் குறையும். 50 ஹெர்ட்ஸ் 80இன் மடங்கு இல்லை என்பதால் மின்சார இரைச்சலும் அதில் பெரும்பாலும் கரைந்துவிடும்.

நிலா, ஞாயிறு இரவு 9.00

கதிர் அண்ணா, அந்தக் கெப்பாசிட்டரைக் கழற்றாமல் அதன் இரு பக்கத்திலும் அலைகாட்டியின் இரண்டு முனைகளை வைத்து, வடிகட்டியின் கட்டத்தை மட்டும் தனியே அளந்தால் என்ன? அலைகாட்டியின் இரண்டு சேனல்களும் ஒரே நேரத்தில் அளக்கின்றனவா என்பதை மட்டும் முதலில் ஒரே கம்பியைக் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.

கதிர் (உட்லண்ட்ஸ்), ஞாயிறு இரவு 9.25

பார்த்துவிட்டுத்தான் தொடங்குவேன், நிலா. அலைகாட்டியைப் புதன்கிழமை வரை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் அளந்து, வரும் எண்ணை இங்கே போடுகிறேன்.